தம்பியின் மடிக்கணினியும் போனும் பொலிஸார் கையில்: எதற்கு ஆட்சேபிக்கலாம்?

கேள்வி: "திருகோணமலையில் தம்பியின் லேப்டாப்பையும் போனையும் பொலிஸார் கொண்டுபோய்விட்டார்கள். அதிலிருப்பதை எப்படிப் பிரதி எடுப்பார்கள்? நாங்கள் எதற்கு ஆட்சேபம் சொல்லலாம்?"

கொண்டுபோனதற்கு ஆட்சேபம் சொல்வதில் பெரும்பாலும் பலன் இல்லை. தேடுதல் சட்டப்படி நடக்கவில்லை என்று காட்டினாலும், அந்த ஒரு காரணத்துக்காக இலங்கை நீதிமன்றங்கள் சான்றை ஒதுக்கிவிடுவதில்லை. சாதனம் கைமாறிய நேரத்துக்கும் அதன் பிரதி எடுக்கப்பட்ட நேரத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்று கேட்பதே பயனுள்ள ஆட்சேபம். நான் சட்டத்தரணி அல்லன், கணினி திருத்துபவன். சில வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்ட எதிரியின் தரப்புச் சட்டத்தரணிகளுக்காக இத்தகைய பிரதிகளைப் பார்வையிட்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

மடிக்கணினியை முறைப்படி பிரதி எடுப்பவர் அதை இயக்குவதே இல்லை. உள்ளிருக்கும் வட்டைக் கழற்றி, எழுதுவதைத் தடுத்து வாசிப்பதை மட்டும் அனுமதிக்கும் ரைட் பிளாக்கர் என்ற கருவி வழியாகத் தன் கணினியுடன் இணைத்து, முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதிவரை, அழிக்கப்பட்ட கோப்புகள் கிடந்த வெற்றிடங்களையும் சேர்த்து, அப்படியே ஒரு கோப்பாக்குகிறார். வாசிக்கும்போதே அந்தத் தரவு முழுவதற்கும் ஹேஷ் எனப்படும் நீண்ட எண் ஒன்று கணிக்கப்பட்டு அறிக்கையில் எழுதப்படும். பின்னர் ஒரேயோர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும்.

இந்த எண்ணைக் கண்டதும் பலர் அடங்கிப்போகிறார்கள். ஆனால் பிரதி எடுத்த கணத்துக்குப் பிறகு எதுவும் மாறவில்லை என்பதை மட்டுமே அது நிரூபிக்கிறது. அதற்கு முந்திய நாட்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ஓர் உதாரணம். உப்புவெளிப் பக்கம் சிறிய விடுதி நடத்திய ஒருவர்மீது, போலிப் பற்றுச்சீட்டுகள் தயாரித்தார் என்று முறைப்பாடு. ஒரு திங்கட்கிழமை காலை அவருடைய மடிக்கணினியை எடுத்துச் சென்றார்கள். கொடுக்கப்பட்ட துண்டில் "கறுப்பு நிற மடிக்கணினி 1" என்று மட்டும் இருந்தது. தொடர் இலக்கம் இல்லை, நேரமும் இல்லை. பதினொரு நாட்கள் கழித்துத்தான் கொழும்பில் பிரதி எடுக்கப்பட்டது. அந்தப் பிரதியில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். `6008` என்ற இலக்கத்துடன் ஒரு பதிவு, கணினி திங்கட்கிழமை 10.24 மணிக்கு முறையின்றி அணைக்கப்பட்டதாகக் கூறியது. எடுத்துச் சென்றவர்கள் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதை அடுத்து `6005`, அதாவது கணினி மீண்டும் தொடங்கியதைக் காட்டும் பதிவு, புதன்கிழமை மாலை 6.42க்கு. அன்று கணினி இருந்தது பொலிஸ் நிலையத்தில். யாரோ "சும்மா பார்ப்போம்" என்று இயக்கி, அண்மையில் திறந்தவை என்ற பட்டியலில் பதியும் அளவுக்கு நான்கு எக்செல் கோப்புகளைத் திறந்திருந்தார்கள்.

அந்த நேரத்தை வாசித்ததில் நானே முதலில் தடுமாறினேன். அறிக்கையில் 13:12 என்று இருந்தது. அது `UTC` எனப்படும் உலகப் பொது நேரம். இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டவேண்டும். இதைக் கவனிக்காமல் "அறிக்கையின் நேரமே பொய்" என்று நீதிமன்றில் எழுந்தால், உங்கள் மற்ற ஆட்சேபங்களும் சேர்ந்தே மதிப்பிழக்கும்.

முடிவு என்ன? வழக்கு தள்ளுபடியாகவில்லை. பற்றுச்சீட்டுக் கோப்புகளின் திருத்த நேரங்கள் பல மாதங்களுக்கு முந்தியவை. அவற்றுள் இரண்டு மின்னஞ்சலிலும் போயிருந்தன. ஆனால் "எதிரி இக்கோப்புகளைக் கடைசியாகத் திறந்தது இன்ன நாள்" என்ற பந்தியை வழக்குத்தொடுநர் கைவிட வேண்டியதாயிற்று. ஆட்சேபம் எட்டியது அவ்வளவு தூரம்தான்.

கைத்தொலைபேசி வேறு விதம். அதன் நினைவகத்தைக் கழற்றி ரைட் பிளாக்கரில் மாட்ட முடியாது. இயங்கும் போனுடன்தான் பிரதியெடுக்கும் கருவி பேசவேண்டும். அப்போது போன் தன் பதிவுகளைத் தானே எழுதிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரே போனை இரண்டு தடவை பிரதி எடுத்தால் இரு ஹேஷ் எண்களும் வேறுபடுவது இயல்பு; அதை வைத்து மோசடி என்று சொல்ல முடியாது. கேட்கவேண்டியது, எடுத்த உடனே வலையமைப்பிலிருந்து போனைத் துண்டித்தார்களா என்பது. அலை புகாத பையில் இடுவது அல்லது விமானப் பயன்முறைக்கு மாற்றி வைஃபையையும் நிறுத்துவது வழக்கம். அப்படிச் செய்யாவிட்டால், கைப்பற்றிய பிறகும் வாட்ஸ்அப் செய்திகள் வந்து சேர்ந்து "பெறப்பட்டது" என்று பதிவாகும். பிரதியில் கைப்பற்றிய நேரத்துக்குப் பிந்திய செய்தி ஒன்று கிடந்தாலே, போன் திறந்த வெளியில் இருந்தது என்பதற்கு அது போதும்.

கடவுச்சொல்லைக் கேட்டால் தம்பி தனியாக முடிவெடுக்க வேண்டாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதன் கீழான விசாரணைக்கு உதவும் கடமையையும் விதிக்கிறது. பொலிஸார் நீதவானிடம் சமர்ப்பிக்கும் பி அறிக்கையில் எந்தச் சட்டம் குறிப்பிடப்பட்டுள்ளது என்று சட்டத்தரணி முதலில் பார்க்கட்டும். அந்தச் சட்டமே குறிப்பிடப்பட்டிருந்தால் உங்களுக்கும் ஒரு வசதி உண்டு. கைப்பற்றிய பொருட்கள், தரவுகள் எல்லாவற்றுக்கும் நாளும் நேரமும் இட்ட முழுப் பட்டியலைத் தருவது அதிகாரியின் கடமை என்று 22 ஆம் பிரிவு சொல்கிறது. கைப்பற்றப்பட்ட தரவின் பிரதியைக் கேட்டு விண்ணப்பிக்கவும் அது இடமளிக்கிறது, விசாரணையைக் காரணம் காட்டி மறுக்கவும் அதிகாரிக்கு இடமுண்டு. பட்டியல் கிடைக்கவில்லை என்றால் அடுத்த தவணையிலேயே நீதவானிடம் சொல்லிப் பதிவு செய்வியுங்கள். பிரதி இன்னும் எடுக்கப்படவில்லை என்றால், சாதனங்களை முத்திரையிட்டு வைக்கவும், உங்கள் தரப்பில் ஒருவர் முன்னிலையில் முத்திரையை உடைக்கவும் கட்டளை கோரலாம்.

வழக்கு விளக்கம் நெருங்கும்போது இன்னொரு வாய்ப்பு வரும். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 7 ஆம் பிரிவின்படி, கணினிச் சான்றை முன்வைக்கும் தரப்பு விளக்கத்துக்குக் குறித்த நாளுக்கு 45 நாட்களுக்கு முன்னராவது அதன் பட்டியலைக் கோவையிட்டு அறிவிக்க வேண்டும். அறிவித்தல் கிடைத்த 15 நாட்களுக்குள் சான்றையும் கருவியையும் பரிசோதிக்க நீங்கள் அனுமதி கேட்கலாம். 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் வரும் சான்றுக்கு இது பொருந்தாது என்ற வாதமும் உண்டு. அதைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். நீங்கள் 15 நாட்களைத் தவறவிடாதீர்கள்.

பரிசோதிக்கப் போகிறவருக்கு ஒரு குறிப்பு. பிரதி `.E01` வடிவில் இருந்தால், கோப்பின்மீது நேரடியாக `sha256sum` ஓட்டினால் வரும் எண் அறிக்கையுடன் ஒருபோதும் பொருந்தாது. அறிக்கையிலுள்ளது உள்ளிருக்கும் வட்டுத் தரவின் எண். நீங்கள் கணித்தது அதைச் சுற்றியுள்ள பொதியின் எண். சரியான கட்டளை இது:

```
ewfverify -d sha256 laptop.E01
```

இதில் வரும் எண்ணும் பொருந்தவில்லை என்றால் மட்டும் சட்டத்தரணியை அழையுங்கள். பொருந்தினால் `6005`, `6008` பதிவுகளைத் தேடிக் கைப்பற்றிய நேரத்துடன் ஒப்பிடத் தொடங்குங்கள்.