கேஸ் ஏஜென்சி எண்ணை எங்கே தேடுவது?

இருபது ஆண்டுகள் கேஸ் ஏஜென்சியில் பில் போட்டவர் பதில் சொல்கிறார்.

தாம்பரம் வாசகி: "சிலிண்டர் தாமதம் என்று இணையத்தில் எண் தேடிப் பேசினேன். ஐந்து ரூபாய் கட்டச் சொன்னார்கள். 18,400 ரூபாய் போய்விட்டது. எப்படி?"

ஐந்து ரூபாய் தூண்டில் புழு அம்மா. அவர்கள் அனுப்பிய இணைப்பைத் தொட்டதும் ஒரு செயலி இறங்கி, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டிருக்கும். நீங்கள் 'சரி' என்று தொட்டிருப்பீர்கள். பிறகு ஐந்து ரூபாய் கட்டும் பக்கத்தில் கார்டு எண்ணையும் தட்டியிருப்பீர்கள். கார்டு எண் அவர்கள் கையில், வங்கி அனுப்பும் ஓடிபியும் அவர்கள் கையில், வேறென்ன வேண்டும்?

இன்னும் புகார் செய்யவில்லை என்றால் அந்தக் கைபேசியின் இணையத்தை அணைத்துவிட்டு, வேறு கைபேசியிலிருந்து இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் பேசுங்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே நிறுத்திவைக்க 1930-இல் முயல்வார்கள். திருடன் அதை எடுப்பதற்குள் முந்த வேண்டும், அதனால் முதல் ஒரு மணி நேரம் பெரிது. திரும்பக் கிடைக்குமா என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். விவரத்தை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. இது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துவையுங்கள்.

அதே வாசகி: "ஆனால் மேப்பில் எங்கள் ஏஜென்சி பெயரில்தானே அந்த எண் இருந்தது?"

இருந்திருக்கும். மேப்பில் ஒரு கடையின் எண்ணை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். எங்கள் ஏஜென்சிக்கே இது நடந்தது. ஒரு பெரியவர் கவுண்டரில் வந்து, "பணம் வாங்கிவிட்டு சிலிண்டர் தரமாட்டீர்களா?" என்று சத்தம் போட்டார். அவர் காட்டிய எண்ணை வாசல் பலகையோடு ஒப்பிட்டால் கடைசி நான்கு இலக்கம் வேறு. புகார் கொடுத்தோம், நீக்கினார்கள். அடுத்த மாதம் வேறொரு எண் முளைத்தது.

மதுரை வாசகர்: "சரி, உண்மையான எண் எங்கே கிடைக்கும்?"

உங்கள் சமையலறையில். சிலிண்டரோடு வரும் பில்லைப் பலர் கசக்கி எறிகிறார்கள்; அதில்தான் ஏஜென்சி பெயர், தொலைபேசி, உங்கள் நுகர்வோர் எண் எல்லாம் இருக்கின்றன. கேஸ் புத்தகத்திலும் உண்டு. இரண்டும் தொலைந்துவிட்டதா? மூன்று நிறுவனங்களுக்கும் பொதுவான இலவச எண் 1800-2333-555.

புக்கிங் மட்டும் என்றால் இண்டேனுக்கு 7718955555-இல் அழையுங்கள். பாரத் கேஸுக்கு 7710955555, எச்பி கேஸுக்கு 9493602222 மிஸ்டு கால் கொடுத்தால் போதும். எல்லாமே பதிவு செய்த கைபேசியிலிருந்து. அந்த எண்ணை வைத்தே இயந்திரம் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். கார்டு எண்ணோ பின் எண்ணோ கேட்காது.

கோவை வாசகர்: "1800 என்று தொடங்கினால் உண்மையான எண்தான். எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன்."

பாதி சரி தம்பி. நிறுவனத்தின் எண் 1800-இல் தொடங்குகிறது, உண்மை. ஆனால் அத்தகைய எண்ணைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். போதாததற்கு, போலிப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் எண் ஒன்று, தொட்டால் அழைப்புப் போவது வேறொன்று. எதிர்முனை என்ன கேட்கிறது என்று பாருங்கள். செயலியை நிறுவு, திரையைக் காட்டு என்றால் வைத்துவிடுங்கள்.

விழுப்புரம் வாசகி: "விடுபட்ட மானியம் 4,800 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் எண் வந்தது. எனக்கு மானியம் வந்து வருடக்கணக்காகிறது."

2020 மே மாதத்துக்குப் பிறகு பெரும்பாலான சாதாரண இணைப்புகளுக்கு மானியமே இல்லை. விடுபட எதுவும் இல்லை. உஜ்வலா இணைப்பு என்றால் சிலிண்டருக்கு 300 ரூபாய் உண்டு. அது ஆதாருடன் இணைத்த கணக்கில் தானாக விழும், யாரும் பேசி வாங்கித்தர வேண்டியதில்லை. பணம் வருவதற்கு யூபிஐ பின் போடச் சொன்னால் அது வாங்க அல்ல, கொடுக்க.

உஜ்வலாவாக இருந்தும் வரவில்லையென்றால், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள். மறந்துபோன பழைய கணக்கில் பணம் தூங்கிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இ-கேஒய்சி முடிந்ததா என்று ஏஜென்சியில் கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

திருச்சி வாசகர்: "சிலிண்டர் போடுபவர் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். 1930-இல் புகார் செய்யலாமா?"

அது இணையக் குற்றங்களுக்கான எண் ஐயா. பில்லுக்கு மேல் கேட்டால் 1800-2333-555-இல் சொல்லுங்கள். அவரிடம் கவனிக்க வேண்டியது இன்னொன்று: டெலிவரிக் குறியீட்டைச் சிலிண்டர் வாசலில் இறங்கிய பிறகே சொல்லுங்கள். முன்னதாகப் போனில் கேட்டு வாங்கினால், சிலிண்டர் வராமலே 'வழங்கப்பட்டது' என்று பதிவாகிவிடும்.

சேலம் வாசகி: "கேஸ் வாடை வந்தால் இதே எண்கள்தானா?"

இல்லை. ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்து, மின்விசிறிச் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.