ராஜினாமா எழுதிக் கொடுத்த பிறகு இ.எஸ்.ஐ. வேலையிழப்புப் பணம் கிடைக்குமா?

கேள்வி: அம்பத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். ரெண்டு வருஷமா சம்பளம் 18,000 ரூபாய்தான். ஆர்டர் இல்லைன்னு சொல்லி ஜனவரி 31-ஆம் தேதி எங்க 14 பேரையும் ஹெச்.ஆர். கூப்பிட்டு, ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்’னு அவங்களே டைப் அடிச்சு வெச்சிருந்த பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. ரெண்டு மாசச் சம்பளமும் கிராஜுவிட்டியும் கொடுத்தாங்க. மேனேஜர் எல்லார் முன்னாடியும் ‘உங்களால கம்பெனிக்கு நஷ்டம்தான்’னு கேவலமாப் பேசினார். கொரோனா நேரத்துல கூட லீவு போடாம உழைச்சவன் சார் நான். இ.எஸ்.ஐ.யில் வேலை போனவங்களுக்குப் பணம் தர்றாங்களாமே, எனக்குக் கிடைக்குமா? மேனேஜர் மேல கேஸ் போட முடியுமா?

பதில்: மேனேஜரை விடுங்கள். கொரோனாவில் உழைத்ததும் கணக்கில் வராது. உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் வேலையை விட்டீர்களா, உங்களை நிறுத்தினார்களா? நடந்தது ஆட்குறைப்பு. காகிதம் ராஜினாமா என்கிறது. இ.எஸ்.ஐ. அலுவலகம் காகிதத்தைத்தான் பார்க்கும்.

இ.எஸ்.ஐ.யில் இதற்கு இரண்டு திட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டிருப்பது 2018-இல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. வேலை போன நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டில் நான்கு சந்தா காலங்கள் வரும்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. கடைசியாக முடிந்த காலத்தில் 78 நாளும், மற்ற மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆறு வருஷம் ஒரே கம்பெனியில் இருந்த உங்களுக்கு இது பிரச்சினையே இல்லை. (கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது இ.எஸ்.ஐ. எண் வாங்கியவர்களுக்குத்தான் இங்கே அடி விழும். சேவை துண்டு துண்டாகி, இரண்டு ஆண்டு நிரம்பாமல் போய்விடும்.) வேலை போய் 30 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம். தொடக்கத்தில் 90 நாள் காத்திருந்து சம்பளத்தில் கால் பங்கு வாங்க வேண்டியிருந்தது. 2020-இல் காத்திருப்பை 30 நாளாகவும் தொகையைப் பாதியாகவும் மாற்றினார்கள். இந்தச் சலுகையை அவ்வப்போது நீட்டித்துத்தான் வருகிறார்கள். அதனால் விண்ணப்பிக்கும் நாளில் அமலில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிடைப்பது அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒரே முறை. உங்கள் இரண்டு ஆண்டுச் சம்பளம் 4,32,000. அதை 730 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 592 ரூபாய். அதில் பாதி 296. தொண்ணூறு நாளுக்கு ஏறத்தாழ 26,600 ரூபாய். அவ்வளவுதான்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று 2005-இல் தொடங்கிய ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடல், ஆட்குறைப்பு, அல்லது வேலைக்குத் தொடர்பில்லாத விபத்தால் வந்த 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம், இந்த மூன்றில் ஒன்றால் வேலை போயிருக்க வேண்டும். இதற்கும் இரண்டு ஆண்டுச் சந்தா போதும். முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். உங்கள் சம்பளத்துக்குத் தோராயமாக மாதம் 9,000, பிறகு 4,500. வேலை கிடைக்காமல் முழுக்காலமும் வாங்கினால் 1,62,000 வரை போகும். அந்தக் காலத்தில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும்.

ஆனால் தானாக வேலையை விட்டவருக்கு இந்தத் திட்டம் கிடையாது. விதியிலேயே இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு வரிதான் உங்களுக்கும் அந்தப் பணத்துக்கும் நடுவில் நிற்கிறது. முதல் திட்டத்திலும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஓய்வு வயதை எட்டியவர், விருப்ப ஓய்வு பெற்றவர் ஆகியோருக்கு இடமில்லை. அங்கேயும் ராஜினாமாவை வைத்துக் கேள்வி எழலாம்.

இதைவிட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். கம்பெனி மாதாமாதம் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் சந்தாக் கணக்கு ஏற்றுகிறது. ஒருவருக்கு வேலை நாள் பூஜ்யம் என்று போட்டால், அதற்கு ஒரு காரண எண்ணையும் போட வேண்டும். 2 என்றால் Left Service, அதாவது வேலையை விட்டவர்; 10 என்றால் Retrenchment, அதாவது ஆட்குறைப்பு. கணக்கு எழுதுபவர் யாராக இருந்தாலும் பழக்கத்தில் 2-ஐத்தான் தட்டுவார். முறையான ஆட்குறைப்புக் கடிதம் கையில் இருந்தும், இணையதளத்தில் 2 என்று இருந்ததால் கிளை அலுவலகத்துக்கும் கம்பெனிக்கும் மாதக்கணக்கில் அலைந்த கட்சிக்காரர்களை எனக்குத் தெரியும். கம்பெனி ஒருமுறை ஏற்றிவிட்டால் திருத்துவதற்கு அவர்களே கடிதம் கொடுக்க வேண்டும். வேலை போன ஆளுக்காக யார் அந்தக் கடிதத்தை எழுதப் போகிறார்கள்?

உங்களுக்கு நேரம் இருக்கிறது. பிப்ரவரி மாதக் கணக்கில்தான் நீங்கள் பூஜ்யமாக வருவீர்கள். அதைக் கட்டக் கடைசி நாள் மார்ச் 15. அதற்குள் கம்பெனியோடு பேசி முடியுங்கள்.

கம்பெனி மேல் கேஸ் போடலாமா என்றால், போடலாம். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா செல்லாது என்று வாதாடலாம். ஒரே நாளில், ஒரே வாசகத்தில் 14 ராஜினாமா என்பதே நல்ல சாட்சி. ஆனால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் வழக்கு, அதன் மேல் ஹைகோர்ட் என்று போனால் வருஷங்கள் ஓடும். அதுவரை வீட்டு வாடகை காத்திருக்காது. சமாதானமாகப் போங்கள் என்பதே என் யோசனை.

கம்பெனி ஏன் இறங்கி வரும் என்பதையும் சொல்கிறேன். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் சம்பளமும், பணிசெய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். உங்களுக்கு 18,000-மும் 54,000-மும் சேர்த்து 72,000. பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு, 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. மறுதிறன் நிதி என்று இன்னொரு 15 நாள் சம்பளமும் கூடுகிறது. அவர்கள் கொடுத்திருப்பது 36,000. கிராஜுவிட்டி தனி, அதை இதில் கழிக்க முடியாது. பதினான்கு பேரும் சேர்ந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் இந்த வித்தியாசம் அவர்களுக்கு உறைக்கும். தனித்தனியாகப் போகாதீர்கள்.

ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். கம்பெனித் தரப்பு கொண்டுவரும் வரைவில், ‘தொழிலாளி தாமாக விலகியதால், கருணைத் தொகையாக’ என்ற வரி கட்டாயம் இருக்கும். கூட ஐம்பதாயிரம் வருகிறதே என்று அதில் கையெழுத்துப் போட்டால் ராஜினாமாவை இரண்டாவது முறையாக, இந்த முறை வக்கீல் முன்னிலையில், ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுவீர்கள். ராஜினாமாக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது, ஜனவரி 31 முதல் ஆட்குறைப்பு, இ.எஸ்.ஐ. கணக்கில் காரண எண் 10 போடப்படும் என்று எழுதி வாங்குங்கள். இந்த மூன்றுக்காக ரொக்கத்தில் பத்தாயிரம், இருபதாயிரம் குறைத்துக்கொள்ளச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி அசையவே இல்லை என்றால், மார்ச் முதல் வாரத்தில் 90 நாள் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். ராஜினாமா எந்தச் சூழ்நிலையில் வாங்கப்பட்டது என்று ஒரு கடிதமும், 14 பேர் பட்டியலும் இணையுங்கள். கிளை அலுவலகம் மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோடு மண்டல அலுவலகத்தில் முறையிடுங்கள். பணம் வந்துகொண்டிருக்கும்போது வேறு வேலை கிடைத்தால் அன்றே தெரிவித்துவிடுங்கள். புதுக் கம்பெனி சந்தா கட்டிய மாதமே உங்கள் எண் காட்டிக்கொடுத்துவிடும்.