பச்சையாகவே இருக்கும் இமாம் பசந்தும் காம்படிக் கறுப்பும்

கேள்வி: சேலம் பக்கத்து விவசாயி ஒருவரின் வாட்ஸ்அப் பதிவைப் பார்த்து, 5 கிலோ இமாம் பசந்த் மாம்பழப் பெட்டி 900 ரூபாய்க்கு வாங்கினேன். பஸ் பார்சலில் வந்தது. வீட்டில் நிறுத்துப் பார்த்தால் பெட்டியோடு சேர்த்துத்தான் 5 கிலோ, பழம் மட்டும் 4.5. மொத்தம் 9 பழம். நான்கு நாளாகியும் பச்சையாகவே இருக்கின்றன. மூன்றில் காம்புப் பக்கம் கறுத்துவிட்டது. கார்பைடு போட்டிருப்பார்களா? பணம் திரும்பக் கேட்கலாமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: கார்பைடு சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள். கல் வைத்த பழத்தில் பெரும்பாலும் தோல்தான் சீக்கிரம் மஞ்சளாகும், உள்ளே புளிப்பும் கடினமும் அப்படியே இருக்கும். உங்களுடையது நேர் எதிர். இமாம் பசந்த் கனிந்த பிறகும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கிற ரகம். நிறத்துக்காகக் காத்திருந்தால் உள்ளே குழைந்துவிடும். காம்பை ஒட்டிய தோள்பட்டையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். கொஞ்சம் நெகிழ்ந்து, காம்படியில் வாசனையும் வந்தால் இன்றே வெட்டலாம்.

கறுப்பை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் யார் பொறுப்பு என்பது அதில்தான் இருக்கிறது. காம்பிலிருந்து கீழே வழிந்த கோடு மாதிரி இருந்தால் அது பால் பட்ட கறை. பறித்ததும் காம்பில் வடிகிற பால் தோலைச் சுட்டிருக்கிறது. தோலை மெல்லச் சீவினால் உள்ளே சதை சுத்தமாக இருக்கும், தாராளமாகச் சாப்பிடலாம். அதற்குப் பணம் கேட்பது நியாயமில்லை. காம்பைச் சுற்றி வளையமாகக் கறுத்து, நாளுக்கு நாள் அகலமாகி, அழுத்தினால் தண்ணீர் விட்டால் அது காம்பழுகல். இது பூஞ்சையால் வருவது. காம்பை அடியோடு ஒடித்துப் பறித்தால், அந்தக் காயத்தின் வழியாக எளிதில் உள்ளே போகும். அதனால்தான் ஓர் அங்குலக் காம்பு விட்டு வெட்டி, பிறகு பால் வடித்துப் பெட்டியில் அடுக்கச் சொல்வார்கள். உங்கள் பழங்களில் காம்புத் துண்டு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். மொட்டையாக இருந்தால், கோளாறு தோட்டத்திலேயே தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். தோலில் மாற்றம் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருந்தால் அது பஸ்ஸில் வாங்கிய அடி. அடியடுக்குப் பழங்களில்தான் இது அதிகம்.

உங்கள் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. பெட்டி வந்த அன்றே திறந்தீர்களா? மூடிய அட்டைப்பெட்டியில் சென்னை மே மாத வெயிலும் பழம் விடும் ஆவியும் சேர்ந்தால், ஒரு பழத்தின் அழுகல் பக்கத்துப் பழத்துக்கும் எளிதில் தாவும். வந்தவுடன் எடுத்து, வைக்கோல் அல்லது செய்தித்தாள் மேல் ஒரே அடுக்காக, காம்பு கீழாகப் பரப்ப வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழான சூடான அறை வேண்டாம். காயாக இருக்கும்போது ஃபிரிட்ஜும் வேண்டாம், குளிர் தாங்காமல் தோல் கறுத்து, சரியாகப் பழுக்காமலே போகும். கனிந்த பிறகு வைக்கலாம்.

இனி கணக்கு. கிலோ 180 ரூபாய். பெட்டியையும் வைக்கோலையும் சேர்த்து நிறுத்தியதால் பழம் அரை கிலோ குறைந்திருக்கிறது, அதற்கு 90 ரூபாய். வழியில் பழம் வற்றி எடை குறைவது உண்மைதான், ஆனால் உங்கள் குறை அப்படி வந்ததல்ல. அட்டையின் எடை பழத்தின் எடையாகாது. காம்பழுகல் மூன்று பழத்திலும் உறுதியானால், பழம் அரை கிலோ வீதம் ஒன்றரை கிலோ, 270 ரூபாய். ஆக 360 ரூபாய் கேட்கலாம். பெட்டியோடு ஒரு தராசுப் படம், பழம் மட்டும் ஒன்று, கறுத்த பழத்தை நடுவே வெட்டிய படம் ஒன்று என மூன்றையும் அனுப்புங்கள். நான்கு நாள் கழித்துச் சொல்வதால் அவர் தயங்கலாம். வந்த அன்றே படம் எடுத்திருந்தால் அதையும் சேருங்கள். அடுத்த பெட்டியில் ஈடு செய்கிறேன் என்றால் ஏற்றுக்கொள்ளலாம், சிறு விவசாயிக்குப் பணத்தைவிடப் பழம் கொடுப்பது எளிது. பதிலே இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம். பதிவின் ஸ்கிரீன்ஷாட்டும் யுபிஐ ரசீதும் கையில் இருக்கட்டும்.

அடுத்த முறை பணம் அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பறித்த தேதி என்ன, பெட்டி நீங்கலாக எத்தனை கிலோ, கெட்ட பழத்துக்கு எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். தோட்டக்காரர் என்றால் முதல் கேள்விக்கு யோசிக்காமல் தேதி சொல்வார். எப்போது கேட்டாலும் "இன்றே அனுப்புகிறோம்" என்று மட்டும் பதில் வந்தால், சந்தையில் வாங்கி விற்பவராக இருக்கலாம்.