நாமினியாகப் போட்ட மகனுக்கே டெபாசிட் பணம் முழுவதும் சொந்தமாகிவிடுமா?

"எனக்கு வயது 76. கணவர் காலமாகிவிட்டார். உங்கள் கிளையில் என் ஒருத்தி பேரில் 12 லட்சம் ரூபாய் டெபாசிட் இருக்கிறது. மூத்த மகனை நாமினியாகப் போட்டிருக்கிறேன். ஒரு மகள் இருக்கிறாள். இளைய மகன் தவறிவிட்டான்; அவன் மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனக்குப் பிறகு பணம் மூத்தவனுக்கு மட்டும்தானா? இளைய மருமகளுக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்பது என் விருப்பம்."
— மேற்கு மாம்பலம், சென்னை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்களுக்குப் பிறகு பணத்தை வங்கி தங்கள் மூத்த மகனிடம்தான் கொடுக்கும்; ஆனால் அதனால் அந்தப் பணம் அவருடையதாகிவிடாது. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்று, உரியவர்களிடம் சேர்க்க வேண்டிய பொறுப்பாளர் மட்டுமே. வங்கி டெபாசிட்டைப் பொறுத்தவரை இதை உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் உரியவர்கள் யார்? தாங்கள் உயில் எழுதாவிட்டால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் இல்லாத நிலையில் தங்கள் பிள்ளைகளுக்குச் சம பங்கு. இறந்துபோன மகனின் பங்கு அவருடைய பிள்ளைகளைச் சேரும். வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால், மூத்த மகனுக்கு 4 லட்சம், மகளுக்கு 4 லட்சம், பேரப்பிள்ளைகளுக்குத் தலா 2 லட்சம். இளைய மருமகளுக்கென்று இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், முன்பே இறந்துவிட்ட மகனின் மனைவியும் முதல் வரிசை வாரிசாக வருவார். ஒரு பெண்ணின் சொத்தில் சட்டம் அந்த இடத்தை அவருக்குத் தரவில்லை. பலரும் அறியாத இந்த வேறுபாடுதான் தங்கள் விருப்பத்துக்கு நேரடியான தடை. ஆகவே மருமகளுக்குப் பங்கு சேர வேண்டுமானால் தாங்கள் உயில் எழுதியே ஆக வேண்டும்.

ஆனால் உயில் மட்டும் போதாது. உயிலில் என்ன எழுதியிருந்தாலும், நீதிமன்றத் தடை உத்தரவு வந்து சேராத வரையில், பதிவிலுள்ள நாமினியிடம் பணத்தைக் கொடுத்ததும் வங்கியின் கடமை முடிந்துவிடுகிறது. நான் முன்பு பணிபுரிந்த ஒரு கிளையில், தந்தையின் டெபாசிட்டை நாமினியான தம்பி பெற்றுச் சென்று மூன்று மாதம் கழித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழுடன் அக்கா வந்து நின்றார். அவருடைய உரிமை உண்மையானதுதான். ஆனால் அதை அவர் தம்பியிடம்தான் கேட்க வேண்டும், தம்பி மறுத்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவதைத் தவிர எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த அம்மையாரின் முகம் இன்றும் எனக்கு நினைவில் இருக்கிறது. தங்கள் மருமகள் அப்படி அலையக் கூடாது.

எனவே நாமினி பதிவும் உயிலும் ஒரே விதமாக இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடவும், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்று குறிக்கவும் சட்டம் இடம் தருகிறது. கூட்டினால் 100 வர வேண்டும், அவ்வளவுதான். மூத்த மகனுக்கு 33, மகளுக்கு 33, மருமகளுக்கு 34 என்று போட்டால், 12 லட்சத்தில் முதல் இருவரும் தலா 3,96,000 ரூபாயும், மருமகள் 4,08,000 ரூபாயும் வங்கியிலிருந்தே நேராகப் பெறுவார்கள். யாரும் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. இதற்கு மூத்த மகனின் கையெழுத்தோ சம்மதமோ தேவையில்லை. படிவத்தைக் கொடுத்ததும் எழுத்துப்பூர்வமான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். டெபாசிட் ரசீதில் நாமினி பதிவான குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு டெபாசிட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

உயிலிலும் இதே சதவீதங்களை எழுதுங்கள். இல்லாவிட்டால் மருமகள் பெறும் 34 சதவீதமும் அவருடையதாகாது. சட்டப்படியான வாரிசுகள் அதைக் கேட்கலாம். டெபாசிட் எண்ணை மட்டும் குறிப்பிடாமல், "இந்தக் கிளையில் என் பெயரில் உள்ள எல்லா டெபாசிட்டுகளும்" என்று எழுதுவது நல்லது. முதிர்ந்த டெபாசிட்டைப் புதிதாகப் போடும்போது எண் மாறிவிடக்கூடும். தாங்கள் கையெழுத்திடுவதை நேரில் பார்த்து இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பங்கு பெறாதவர்களாக அவர்களைத் தேர்ந்தெடுங்கள். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், தங்கள் வயதைக் கருதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதையே நான் விரும்புவேன். பின்னாளில் உயிலின் உண்மைத்தன்மையை யாராவது கேள்வி கேட்டால் அந்தப் பதிவு மருமகளுக்குத் துணை நிற்கும்.

டெபாசிட் ரசீதையும் மூவரின் முகவரி விவரங்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். படிவத்தை நானே உடனிருந்து நிரப்பித் தருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கிளை அலுவலர், சென்னை