உச்சி வெயிலில் 3,240 வாட் பேனல் ஏன் 2,350 வாட் தருகிறது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மொட்டை மாடியில் 540 வாட் பேனல் ஆறு போட்டிருக்கிறேன், மொத்தம் 3,240 வாட். மே மாத மதிய வெயிலில்கூட இன்வெர்ட்டர் 2,350-ஐத் தாண்டுவதில்லை. மகளின் காலேஜ் ஸ்லைடில் சோலார் செல்லின் திறன் அதிகபட்சம் 33 சதவீதம், கடையில் கிடைக்கும் பேனல் 21 சதவீதம் என்று போட்டிருக்கிறது. மிச்ச வெயில் எங்கே போகிறது? மட்டமான பேனலைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: நீங்கள் சொல்கிற எண்களைப் பார்த்தால் பேனல் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஆனால் இதில் இரண்டு கணக்குகள் கலந்திருக்கின்றன, முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம். 540 வாட் பேனல் ஒன்றின் பரப்பு சுமார் 2.58 சதுர மீட்டர். ஆறுக்கும் சேர்த்து 15.5. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் விழுகிறது என்று வைத்தால், உங்கள் பேனல்கள் மேல் விழுவது 15,500 வாட். அதில் 21 சதவீதம்தான் அந்த 3,240. ஆக, ஸ்லைடில் இருக்கும் 21 சதவீதக் கணக்கை 540 என்ற எண்ணிலேயே சேர்த்துவிட்டார்கள். 3,240-லிருந்து 2,350-க்கு இறங்குவது வேறு கதை. இரண்டுக்கும் வேர் மட்டும் ஒன்று.

செல் என்பது மெல்லிய சிலிக்கான் தகடு. அதன் ஒரு பக்கத்தில் பாஸ்பரஸும் மறுபக்கத்தில் போரானும் துளியளவு கலந்திருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தானாகவே ஒரு மின்புலம் உருவாகிவிடுகிறது. வெளிச்சத்தின் ஒரு துகள், அதாவது ஃபோட்டான், உள்ளே வந்து ஓர் எலக்ட்ரானை அதன் பிணைப்பிலிருந்து பெயர்த்துவிட்டால், அந்த மின்புலம் எலக்ட்ரானை ஒரு பக்கமும் அது விட்டுப்போன துளையை மறுபக்கமும் தள்ளும். இரு பக்கத்தையும் கம்பியால் இணைத்தால் கரன்ட் ஓடும். அவ்வளவுதான்.

சிக்கல் எலக்ட்ரானைப் பெயர்ப்பதில் இருக்கிறது. சிலிக்கானில் அதற்கு 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இந்த எண்ணுக்குத்தான் ‘பேண்ட் கேப்’ என்று பெயர். இதை டோல்கேட் பக்கம் போகிற ஷேர் ஆட்டோ மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 11 ரூபாய், குறைத்துக் கொடுத்தால் ஏற்ற மாட்டார், கூடக் கொடுத்தால் சில்லறை தர மாட்டார். அகச்சிவப்பு ஒளியின் கடைசிப் பகுதி கையில் 9 ரூபாயோடு வருகிறது, ஏற முடியாமல் செல்லைத் தாண்டிப் போய்விடுகிறது. சிவப்பு ஒளி 19 ரூபாய் கொண்டுவருகிறது, நீலம் 27. இரண்டும் பெயர்ப்பது ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைத்தான். 11 போக மிச்சக் காசு முழுவதும் சிலிக்கானுக்குள்ளேயே சூடாகிவிடும்.

100 ரூபாய் வெயிலில் ஏற முடியாமல் போவது சுமார் 19. சூடாக மாறும் சில்லறை 32 பக்கம். கல்லாவுக்கு வருவது 49 ரூபாய். கண்ணாடியில் ஒரு துளிகூடப் பிரதிபலிக்காத, குறையே இல்லாத செல்லிலும் இது தவிர்க்க முடியாத இழப்பு.

சரி, அந்த 49 ஏன் 21 ஆகிறது? பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். அதிகபட்ச மின்திறன் கிடைக்கும் வோல்ட் 41.6-ஐ ஒட்டி இருக்கும். உள்ளே 72 செல் வரிசையாக இருப்பதாகக் கொண்டு வகுத்தால் (அரை செல் 144 இருந்தாலும் கணக்கு இதுதான்) ஒரு செல்லுக்கு 0.58 வோல்ட் வருகிறது. 11 ரூபாய் வாங்கிய ஆட்டோக்காரர் கையில் நிற்பது கிட்டத்தட்ட 6 ரூபாய்! காரணம், பெயர்ந்த எலக்ட்ரான்களில் ஒரு பகுதி வெளியே வருவதற்குள் மறுபடி ஏதாவது துளையில் விழுந்துவிடுகிறது. வோல்டேஜை ஏற்றிப் பிடித்தால் இந்தக் கசிவும் மளமளவென்று ஏறும். அதனால் 1.12-ஐ எட்டவே முடியாது. 49-ல் ஏறக்குறைய பாதி இப்படிப் போய் 25 நிற்கும். கண்ணாடியின் பிரதிபலிப்பு, மேலே ஓடும் வெள்ளிக் கோடுகளின் நிழல், செல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி எல்லாம் கழிந்தால் 21.

ஸ்லைடில் இருக்கும் 33, ஷாக்லி, குவைசர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1961-ல் போட்ட கணக்கிலிருந்து வருவது. ஒரே பொருளாலான செல்லுக்குப் பொருத்தமான பேண்ட் கேப் 1.34 என்றால் 33.7 சதவீதம் வரை போகலாம். சிலிக்கானில் கூடுதலாக நடக்கும் வேறொரு கசிவையும் சேர்த்தால் அதன் உச்சவரம்பு 29.4. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற வேறொரு பொருளின் அடுக்கை வைத்து, நீலத்துக்குத் தனிக் கட்டணம், சிவப்புக்குத் தனிக் கட்டணம் என்று வாங்கும் செல்கள் ஆய்வகத்தில் 34-ஐத் தாண்டிவிட்டன. ஆனால் அதற்காக இப்போது போட்டதைக் கழற்ற வேண்டாம்.

இனி உங்கள் மாடிக்கு வருவோம். 540 என்ற எண்ணை எடுக்கும்போது செல்லின் சூடு 25 டிகிரி. தண்டையார்பேட்டை மே மாதத்தில் அது விடியற்காலையில்கூட நடக்காது! திருப்பித் தராத அந்தச் சில்லறை பேனலைச் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது. காற்று 36 டிகிரி, வெயில் 900 வாட் என்றால் காற்றோட்டமுள்ள மாடியில் செல்லின் சூடு 64 டிகிரியைத் தொடும். சூடு ஏறினால் கசிவும் ஏறும், வோல்டேஜ் இறங்கும். ஒரு டிகிரிக்கு 0.35 சதவீதம் குறையும் என்று ஸ்டிக்கரிலோ டேட்டா ஷீட்டிலோ இருக்கும்.

3,240-ஐ 900 வாட் வெயிலுக்குச் சுருக்கினால் 2,916. கூடுதல் 39 டிகிரிக்கு 13.65 சதவீதம் கழித்தால் 2,518. இன்வெர்ட்டர் தன் பங்கு 3 சதவீதம் எடுத்துக்கொண்டால் 2,442. தூசுக்கும் வயருக்கும் 4 சதவீதம் போட்டால் 2,345. உங்கள் 2,350 இதுதான்.

பேனலில் நிஜமாகவே கோளாறு வந்தால் எப்படித் தெரியும்? வாட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. இன்வெர்ட்டரின் திரையில் டிசி வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். ஆறும் ஒரே வரிசை என்றால் காலை எட்டரைக்கு 230 வோல்ட்டை ஒட்டியும், மதியம் 215 பக்கமும் காட்ட வேண்டும். மதியம் வோல்ட் இறங்கி ஆம்பியர் 11, 12 என்று ஏறுவது இயல்பு.

வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் மட்டும் 9, 10-லேயே நின்றால் தூசு. கன்டெய்னர் லாரி ஓடும் சாலை பக்கத்தில் இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அதிகாலையில் கழுவிவிட்டு, தெளிந்த நாளில் அதே நேரத்தில் ஆம்பியரை ஒப்பிடுங்கள். நம் பக்கத்து உப்பு போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும், ஆகவே குடிதண்ணீரால் ஒரு தடவை அலசிவிடுங்கள். மதியச் சூட்டில் கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடலாம்.

திடீரென்று வோல்ட் 12, 13 குறைந்து அப்படியே நின்றால், அது ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு பேனலிலும் மூன்று பைபாஸ் டையோடு உண்டு, நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக் கரன்டை அனுப்புவது அவற்றின் வேலை. தண்ணீர் டேங்கின் நிழலோ டிஷ் ஆன்டெனாவின் நிழலோ பேனல் மேல் விழுகிறதா பாருங்கள். நிழலே இல்லாமல் நாள் முழுக்க அந்தக் குறை நீடித்தால் டையோடு போயிருக்கும், அப்போது போட்டவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு அடியாவது இடைவெளி இருக்கிறதா? மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசும்போது அது அடியில் புகுந்து போனால், வெயில் அதே அளவு இருந்தாலும் வோல்ட் லேசாக ஏறுவதை நீங்களே திரையில் பார்க்கலாம்.