காலையில் அளந்த ஒலி வேகம் மாலை வரை தாங்குமா?

கேள்வி: ஜொகூர் நீரிணையில் மிதவை மீன் பண்ணை நடத்துகிறேன். புதுக் கூண்டுகளுக்கு நங்கூரம் போட இடம் பார்ப்பதற்காக, மல்டிபீம் சோனார் வைத்துக் கடலடியை அளந்து தரச் சொன்னேன். விலைப்பட்டியலில் ஒலி வேகம் அளக்க ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் இருந்தது. நம் ஊரில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஒரே சூடுதானே, காலையில் ஒரு தடவை அளந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். வந்த படத்தில் படகு ஓடிய பாதைகளுக்கு நடுவே நீளநீளமாகப் பள்ளக் கோடுகள். கால் மீட்டர் ஆழம் காட்டுகிறது. அது நிஜப் பள்ளமா?

பதில்: நிஜப் பள்ளமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. படகு எந்தத் திசையில் ஓடியது என்பது கடலடிக்குத் தெரியாது. கோடுகள் படகின் பாதைக்கு இணையாகவே ஓடி, ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் உள்ள இடைவெளியிலேயே திரும்பத் திரும்ப வந்தால், அவை அளவீட்டில் பிறந்தவை. நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அந்தக் கட்டணம்தான் இதைத் தடுத்திருக்கும்.

மல்டிபீம் கருவி நேரடியாக ஆழத்தை அளப்பதில்லை. படகின் அடியில் உள்ள சோனார் தலை, பக்கவாட்டில் விசிறி விரித்தாற்போல ஒலியை அனுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலியை நூற்றுக்கணக்கான கதிர்களாகப் பிரித்து, ஒவ்வொரு கதிரும் எந்தக் கோணத்தில் வந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்ற இரண்டைத்தான் ஆழத்துக்காகப் பதிவு செய்கிறது. அந்த நேரத்தை ஆழமாக மாற்ற நீரில் ஒலி என்ன வேகத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். மேலிருந்து கீழ்வரை அந்த வேகம் எப்படி மாறுகிறது என்றும் தெரிய வேண்டும். வேகம் வேறுபட்ட இரண்டு நீர்ப்படலங்களின் எல்லையைச் சாய்வாகக் கடக்கும்போது ஒலி வளைகிறது. தண்ணீர்த் தம்ளரில் வைத்த கரண்டி முறிந்தாற்போலத் தெரிவது ஒளி வளைவதால். ஒலிக்கும் அதே விதிதான்.

சூடான நீரில் ஒலி வேகமாகப் போகிறது. நீரை அழுத்திச் சுருக்குவது எவ்வளவு கடினமோ அவ்வளவு வேகமாக ஒலி அதில் கடக்கும். நீர் அடர்த்தி குறைந்ததாக இருந்தாலும் வேகம் கூடும். நம் கடலின் வெப்பநிலையில் நீர் சூடேறச் சூடேற இந்த இரண்டுமே ஒலிக்குச் சாதகமாக மாறுகின்றன. குளிர்ந்த நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடுவில் வெற்றிடம் விட்டு நிற்கும். அந்த அமைப்பு எளிதில் அமுங்கும். சூடு ஏறும்போது பிடி தளர்ந்து வெற்றிடம் அடைபடுகிறது, அழுத்தினால் எதிர்ப்பு கூடுகிறது. 5 டிகிரி குளிர்க்கடலில் ஒரு டிகிரி கூடினால் வேகம் நொடிக்கு சுமார் 4 மீட்டர் கூடும். நம் 29 டிகிரி நீரில் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மீட்டர்தான். உப்பும் சேர்ந்துகொள்கிறது: ஒரு கிலோ நீரில் ஒரு கிராம் உப்பு கூடினால் இங்கே நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் கூடும்.

வருஷம் முழுக்க ஒரே சூடு என்று நீங்கள் சொன்னது, பரந்து பார்த்தால் பெரிய பிழையில்லை. ஆனால் நீரிணையில் ஒரே நாளுக்குள் மேல்நீருக்கும் அடிநீருக்கும் வேறுபாடு வந்துவிடும். ஜொகூர் ஆற்று நீர் கிழக்கு நீரிணையில் வந்து கலக்கிறது. கடற்பாலம் குறுக்கே நிற்பதால் இரு பக்க நீரும் தாராளமாக ஓடிக் கலப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நீர் வற்றத் தொடங்கினால், குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர் மேலே படலமாகப் படரும். குளிர்ச்சியும் வேகத்தைக் குறைக்கிறது, உப்புக் குறைவும் குறைக்கிறது.

உங்கள் படத்துக்குப் பொருந்தும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சோனார் தலையிலிருந்து தரை 20 மீட்டர் கீழே என்று வையுங்கள். காலையில் மேலும் கீழும் 29 டிகிரி, கிலோவுக்கு 31 கிராம் உப்பு; ஒலி வேகம் நொடிக்கு 1539 மீட்டர். மழைக்குப் பிறகு மேல் 8 மீட்டர் நீர் 28 டிகிரிக்கு இறங்கி, உப்பு 27 கிராமாகக் குறைகிறது. அங்கே வேகம் 1533 ஆகிவிடும். அதில் சுமார் 2 மீட்டர் குளிர்ச்சியால், மீதி உப்பால். கீழே உள்ள 12 மீட்டர் நீர் மாறவில்லை. இப்போது கணினி காலை அளவையே வைத்துக்கொண்டு, எல்லாக் கதிரும் நேர்கோட்டில் போனதாகக் கணக்குப் போடுகிறது.

நேர் கீழே பார்க்கும் கதிரில் பிழை 3 சென்டிமீட்டர்தான். யாரும் கவனிக்க மாட்டார்கள். 45 டிகிரி சாய்ந்த கதிரில் 8, 60 டிகிரியில் 19, ஓரத்தில் 65 டிகிரியில் 27 சென்டிமீட்டர் கூடுதல் ஆழம் காட்டும். உண்மையில் ஓரக் கதிர் கீழ்ப்படலத்தில் நுழைந்ததும் இன்னும் படுத்தவாக்கில் வளைந்து போயிருக்கிறது. அதே தொலைவு நேராக ஓடியதாக நினைத்தால் தரை கீழே இறங்கியதாகத் தோன்றும். ஒவ்வொரு பாதையின் இரு ஓரமும் இப்படித் தொங்குவதால், இரண்டு பாதைகள் சந்திக்கும் இடத்தில் பள்ளம் விழுகிறது. உங்கள் கால் மீட்டர் அதுதான்.

சர்வதேச நீர்நிலவரைவியல் அமைப்பின் S-44 தரத்தில் சிறப்பு நிலைக்கு 20 மீட்டர் ஆழத்தில் மொத்தமாக அனுமதிக்கும் செங்குத்துப் பிழை 0.29 மீட்டர். அலை, ஓதம், படகின் ஆட்டம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இந்த ஒரு தவறே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

இன்னொன்று. சில மென்பொருள் சோனார் தலை அருகே உள்ள ஒலி வேகமானியின் அளவோடு, காலையில் அளந்த ஒலி வேக அட்டவணையை ஒட்டிக் கணக்கிடும். அப்போது பிழை சிறுத்து, ஓரம் தொங்குவதற்குப் பதில் மேலே தூக்கியும் காட்டலாம். எப்படியிருந்தாலும் இரு பக்கமும் ஒரேபோல இருக்கும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் அது ஒலி வேகப் பிழை இல்லை. படகின் சாய்வைக் கணக்கிட்டதில் அல்லது கருவி பொருத்தியதில் கோளாறு. பாதைக்குக் குறுக்காகச் சலவைப்பலகை போல அலையலையாகத் தெரிந்தால், படகின் ஆட்டத்தை அளக்கும் அசைவுமானியின் நேரம் சோனாரோடு சேரவில்லை என்று பார்க்க வேண்டும்.

நிறுவனத்திடம் இரண்டு படங்கள் கேளுங்கள். ஒன்று, பாதைக்குக் குறுக்காக வெட்டிய பக்கவாட்டுத் தோற்றம். அதில் அடுத்தடுத்த இரு பாதைகளின் புள்ளிகளும் வெவ்வேறு நிறத்தில் இருக்க வேண்டும். தரை நிஜமாகவே பள்ளமாக இருந்தால் இரு நிறமும் ஒரே வளைவில் போகும். பிழையானால் ஒவ்வொரு நிறமும் தன் பக்கத்து ஓரத்தில் மட்டும் தொங்கி, கத்திரிக்கோல் போல ஒன்றையொன்று வெட்டும். மற்றது குறுக்குப் பாதை: எல்லாப் பாதைகளையும் செங்குத்தாகக் கடந்து ஒருமுறை ஓடிய பதிவு. அதன் நடுக்கதிர்கள் ஒலி வேகப் பிழைக்கு அதிகம் அசையாதவை என்பதால், அவற்றோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும். குறுக்குப் பாதை ஓடவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது வழக்கமாகச் செய்ய வேண்டிய வேலை.

படத்தைக் காப்பாற்ற முடியுமா என்பது என்ன பதிவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. `.all`, `.kmall`, `.s7k` போன்ற மூலக்கோப்பில் நேரமும் கோணமும் அப்படியே இருக்கும். மழைக்குப் பிறகு அந்த இடத்தில் அளந்த ஒலி வேக அட்டவணை இருந்தால், அதை ஊட்டித் திரும்பக் கணக்கிடலாம், கடலுக்குப் போகவேண்டியதில்லை. உங்கள் விஷயத்தில் அந்த அட்டவணை இல்லை. வளைவை நிமிர்த்துகிற வேகத்தை மென்பொருளில் தேடிப் பிடிப்பார்கள். அழகாகத் தட்டையாக வரும், ஆனால் அது அளந்தது அல்ல, ஊகித்தது. அப்படிச் செய்திருந்தால் அறிக்கையில் எழுதித்தரச் சொல்லுங்கள். நங்கூரம் போட உத்தேசித்த சில இடங்களில் மட்டும் படகை நேர் மேலே ஓட்டி நடுக்கதிரால் மறுபடி அளப்பது, முழுவதையும் திரும்பச் செய்வதைவிட மலிவு.

அடுத்த முறை பேரம் பேசுவதானால் அளவீட்டின் எண்ணிக்கையில் பேசாதீர்கள், நேரத்தில் பேசுங்கள்: வேலை தொடங்கும்போது, நீர் ஏற்றம் வற்றமாக மாறும்போது, பலத்த மழைக்குப் பின், ஆற்று முகத்தை நெருங்கும்போது. தலை அருகே உள்ள மானியின் அளவு முந்தைய அட்டவணையிலிருந்து நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் விலகினால் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் போடலாம். 20 மீட்டர் ஆழத்தில் ஒலி வேகம் அளக்கும் கருவியை இறக்கி ஏற்றச் சில நிமிடம்தான். இன்னொன்றிலும் ஒரு கண் வைக்கலாம்: வெயிலில் மேல்தளத்தில் கிடந்த கருவியை அப்படியே இறக்கினால் முதல் சில மீட்டர் பொய் சொல்லும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு நிமிடம் பிடித்து, நீரின் சூட்டுக்கு வந்தபின் இறக்க வேண்டும்.

அளவீட்டைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் மறுவழி, விசிறியை இரு பக்கமும் 45 டிகிரிக்குச் சுருக்குவது. ஓரப் பிழை 27 சென்டிமீட்டரிலிருந்து 8 ஆகிவிடும். ஆனால் ஒரு பாதையில் அளக்கும் அகலம் 86 மீட்டரிலிருந்து 40 ஆகக் குறையும், படகு இரண்டு மடங்குக்கு மேல் ஓட வேண்டும். படகு வாடகையோடு ஒப்பிட்டால் இது லாபமில்லை.

கேள்வி: என் படகில் உள்ள மீன் தேடும் கருவி, சர்வே படத்தைவிட அரை மீட்டர் குறைவாகவே காட்டுகிறது. கருவி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட கருவிகள் பல, ஒலி வேகம் நொடிக்கு 1500 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடும். இங்கே அது 1540க்கு அருகே. நிஜ ஆழம் 20 மீட்டர் என்றால் கருவி 19.5 காட்டும். அமைப்புப் பக்கத்தில் ஒலி வேகத்தை மாற்ற வழி இருந்தால் 1540 என்று வையுங்கள். அதற்கு முன், கருவியின் தலை நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்ற எண்ணைப் பதிந்தீர்களா என்று பாருங்கள். சர்வே படத்தின் ஆழம் வரைபடத்தின் தாழ்நீர் மட்டத்திலிருந்து அளந்தது, உங்கள் கருவி காட்டுவது அந்த நேரத்து நீரிலிருந்து அளந்தது. ஓத அட்டவணையைப் பார்த்து அந்த நேரத்து நீரேற்றத்தைக் கழித்த பின்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.