அமைப்பாளருக்கு ஒரே கடிதம்: வாசகர் கேள்விகள்

கருத்தரங்கு அமைப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் இப்படித் தனித்தனியாக அனுப்பினேன்: "சார், மதியத்துக்கு முன்னாடி ஸ்லாட் கிடைக்குமா?", "புரொஜெக்டர் இருக்கும்ல?", "ஒரு ஆடியோவும் போடணும்", "டிக்கெட் நான் போடவா?" எதற்கும் சரியான பதில் வரவில்லை.

அங்கே பயணத்தைப் பார்ப்பவர் ஒருவர், நிகழ்ச்சி நிரலைப் பார்ப்பவர் இன்னொருவர், அரங்கின் ஒலி, ஒளியைக் கவனிப்பவர் மூன்றாமவர். உங்கள் செய்திகளைப் பிரித்து அவரவரிடம் சேர்க்கும் வேலை அமைப்பாளர் தலையில் விழுகிறது. மூன்று பத்தியாக ஒரே மின்னஞ்சலில் எழுதினால் அப்படியே முன்னனுப்பிவிடுவார். காரணத்தையும் மாற்று வழியையும் நீங்களே சொல்லிவிட்டால் அவர் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. உங்கள் செய்திகளை இப்படி மாற்றலாம்:

> பொருள்: மார்ச் 14 அமர்வு – பயணம், நேரம், கருவிகள்
>
> வணக்கம் ஐயா. பேச அழைத்தமைக்கு நன்றி. மூன்று விவரங்களை உறுதிசெய்து உதவ வேண்டுகிறேன்.
>
> பயணம்: 13 இரவு சென்னையிலிருந்து ரயிலில் கிளம்பி 14 காலை கோவை வந்துவிடுவேன். டிக்கெட்டை நானே எடுத்துப் பிறகு கட்டணத்தைப் பெறலாமா, அல்லது நீங்கள் எடுக்கிறீர்களா? இடம் தீர்ந்துவிடக்கூடும் என்பதால் பிப்ரவரி 5க்குள் தெரிவித்தால் வசதியாக இருக்கும்.
>
> நேரம்: அன்று மாலை 3 மணிக்கு மேல் திரும்பும் ரயில். என் அமர்வு மதியம் 1 மணிக்குள் முடியும்படி அமையுமா?
>
> கருவிகள்: என் மடிக்கணினியில் யூ.எஸ்.பி-சி மட்டுமே உண்டு. எச்.டி.எம்.ஐ. அடாப்டர் கொண்டுவருகிறேன். 2 நிமிட ஒலிப்பதிவை அரங்கின் ஒலிபெருக்கியில் கேட்கச் செய்ய முடியுமா? இயலாவிட்டால் அந்தப் பகுதியை வாய்மொழியாகச் சொல்லிவிடுகிறேன்.

"புரொஜெக்டர் இருக்கும்ல?" என்பதை விட்டுவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலான அரங்குகளில் அது இருக்கும், சிக்கல் ஒலியில்தான். பழைய வி.ஜி.ஏ. கம்பியில் படம் மட்டுமே போகும். எச்.டி.எம்.ஐ.யில் ஒலியும் போகும், ஆனால் பல நேரம் புரொஜெக்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில்தான் கேட்கும், பின்வரிசைக்கு எட்டாது. மடிக்கணினியிலிருந்து அரங்கின் மிக்சருக்குத் தனிக் கம்பி வேண்டும். அதனால்தான் கடிதத்தில் "அரங்கின் ஒலிபெருக்கியில்" என்று எழுதியிருக்கிறேன்.

பயணச் செலவு தருவார்களா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

"தருவீர்களா?" என்று கேட்டால்தான் கூச்சம். "பயணச் செலவுக்கான ஏற்பாடு என்ன, எந்த வகுப்பு வரை, எந்த ரசீதுகள் தேவை?" என்று நடைமுறையாகக் கேளுங்கள். கிளம்பும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. விமானத்தில் போனால் போர்டிங் பாஸையும் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அதைத் தூக்கிப் போட்டபின் தெரிந்து பயனில்லை.

அவர்கள் கணினியில்தான் ஸ்லைடு காட்ட வேண்டுமாம். அதற்கும் ஏதாவது எழுத வேண்டுமா?

தமிழ் ஸ்லைடு என்றால் கட்டாயம். உங்கள் எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் எழுத்து உருமாறும், வரிகள் கலையும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு என்றால் படிக்கவே முடியாது. பி.டி.எஃப். பிரதியையும் இணைத்து, "எழுத்துகள் சரியாகத் தெரியாவிட்டால் இதைத் திறக்க வேண்டுகிறேன். அமர்வுக்கு முன் 10 நிமிடம் சரிபார்க்க அனுமதி கிடைக்குமா?" என்று கருவிகள் பத்தியிலேயே சேர்த்துவிடுங்கள். பி.டி.எஃப்.பில் அசைவூட்டம் ஓடாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.